ஏரி நிறைந்த பிறகும் மழையைக் கூப்பிட்ட என் சரணம்

சுருதிநேசன்:
மோகனத்தில், ஆதி தாளத்தில் சொந்தமாக ஒரு கீர்த்தனை எழுதினேன். பல்லவி, "மழையே வருவாய், மண்குளிர வருவாய்". அனுபல்லவி, "விழைந்தே உழவர் விண்பார்க்கின்றார்". எதுகை அமைந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சரணத்தை "ஏரி நிறைந்தது, ஆறு பெருகியது" என்று முடித்திருந்தேன்.

ஆசிரியையிடம் பாடிக் காட்டினேன். சரணம் முடிந்து பல்லவியை எடுத்ததுமே தாளம் போட்ட கையை நிறுத்திவிட்டார். "ஏரிதான் நிறைந்துவிட்டதே, இன்னும் எதற்கு மழையைக் கூப்பிடுகிறாய்?"

தனித்தனியாகப் படித்தபோது இது கண்ணில் படவே இல்லை. இப்போது "ஏரி நிறைய, ஆறு பெருக" என்று மாற்றிவிட்டேன். வாக்கியம் முடியாமல் நிற்கிறது, "மழையே வருவாய்" வந்து முடித்துவைக்கிறது. எழுத்து குறைந்த இடத்தைக் கார்வை நிரப்பிக்கொண்டது.

இன்னொரு தவறும் இருந்தது. பல்லவியிலேயே மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டதால் அனுபல்லவிக்கு ஏற இடமில்லை. பல்லவியைக் காந்தாரத்துக்கும் தைவதத்துக்கும் நடுவில் அடக்கிய பிறகுதான் "விழைந்தே" என்று மேலே போகும்போது ஏக்கம் கேட்டது.

மோகனப்பிரியை:
அனுபல்லவி இல்லாவிட்டால் அது கீர்த்தனையே இல்லை, அதனால் அதைச் சரிசெய்தது நல்லது. சரணத்தின் பின்பாதிக்கு அனுபல்லவி மெட்டையே போடுங்கள். அதுதான் விதி.

பழைய தம்புரா:
விதி இல்லை அம்மா, வழக்கம். தியாகராஜரின் திவ்யநாமக் கீர்த்தனைகள் பலவற்றில் பல்லவிக்கு அப்புறம் நேராகச் சரணங்கள்தான், எல்லாம் ஒரே மெட்டில். தீட்சிதரிடம் சமஷ்டி சரணம் உண்டு.

சுருதிநேசன், அனுபல்லவியின் கடைசி ஆவர்த்தனத்தையும் பல்லவியின் முதல் சொல்லையும் மட்டும் சேர்த்து நாலைந்து முறை பாடிப் பாருங்கள். மேல் ஷட்ஜத்தில் நிறுத்திவிட்டுக் காந்தாரத்தில் "மழையே" எடுத்தால் தொபுக்கென்று விழுந்த மாதிரி இருக்கும். கடைசிச் சொல்லைத் தைவதம், பஞ்சமம் என்று இறக்கிக்கொண்டு வாருங்கள்.

தாளக்காரன்:
நான் பல்லவியைத் திரிகாலம் செய்யும்போது ஒவ்வொரு முறையும் எடுப்பு தவறுகிறது. இரண்டாம் காலத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

பழைய தம்புரா:
தம்பி, நீங்கள் சொல்வது ராகம் தானம் பல்லவி. இங்கே பேசுவது கீர்த்தனையின் பல்லவி.

சுருதிநேசன்:
ஐயா, இறக்கிப் பாடினேன், ஒட்டிக்கொண்டது. ஆனால் சரணத்தின் மூன்றாவது அடி "கன்றும் பசுவும் நாவறண்டு". அனுபல்லவி மெட்டில் அது உச்சத்துக்குப் போகிறது. நாவறண்ட மாடு அவ்வளவு உரக்கக் கத்துமா?

மோகனப்பிரியை:
கத்தட்டுமே, வலிதானே. மெட்டை மாற்றாதீர்கள்.

பழைய தம்புரா:
நானாக இருந்தால் அந்த அடியை மட்டும் கீழ்ப் பஞ்சமத்தில் விட்டு, "ஏரி நிறைய" என்ற இடத்தில்தான் மேலே எடுப்பேன். பாடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.