கலைச்சொல்: ஒரே வாடிக்கையாளரின் இரண்டு அடையாளங்களை இணைப்பதா, பிணைப்பதா?

தேன்மொழி:

குழுவினருக்கு வணக்கம். வாடிக்கையாளர் உதவிக்கான ஒரு சாட்பாட்டின் திரைச்சொற்களைத் தமிழாக்கி வருகிறேன். ஒருவர் காலையில் வலைத்தள அரட்டையில் புகார் சொல்கிறார். மாலையில் வாட்ஸ்அப்பில் வந்து, "என் புகார் என்ன ஆயிற்று?" என்கிறார். சாட்பாட்டின் கண்ணுக்கு இவர்கள் இரண்டு பேர். வலைத்தளத்தில் அவர் உலாவியில் பதிந்துள்ள ஒரு குறியீடு. வாட்ஸ்அப்பில் ஒரு தொலைபேசி எண். இரண்டும் ஒருவரே என்று பதிந்து, பேச்சு வரலாற்றை ஒன்றாக வைத்துக்கொள்வதை ‘ஐடென்டிட்டி லிங்கிங்’ என்கிறார்கள்.

‘அடையாள இணைப்பு’ என்றுதான் முதலில் வைத்தேன். இந்த நிறுவனம் விற்பதே இணைய இணைப்பு. சோதனைக்கு வந்த ஒரு பெண்மணி "இணைப்பை நீக்கு" என்ற பொத்தானைக் கண்டு கையை எடுத்துக்கொண்டார். வீட்டு இணையம் துண்டிக்கப்பட்டுவிடும் என்ற அச்சம் அவருக்கு. வேறு சொல் தேவை.

ரியாஸ்:

இதற்குத் தனிச்சொல்லே வேண்டாம் என்பது என் கருத்து. அரட்டை தொடங்கும்போது வாடிக்கையாளரிடம் எண்ணை வாங்கிவிடுகிறோம். அதே எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தால் ஆள் ஒருவர்தானே? ‘எண் பொருத்தம்’ என்றால் எவருக்கும் புரியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து எண் நாட்டுக் குறியீட்டோடு வரும். படிவத்தில் மக்கள் அதை விட்டுவிடுவார்கள், இடைவெளியும் விடுவார்கள். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் முடிந்தது.

சண்முகம்:

ரியாஸ் சொல்லும் வடிவச் சீராக்கம் அவசியமானது. அதைச் செய்யாததால் பொருந்தாமல் போகும் பதிவுகள் ஏராளம். ஆனால் படிவத்தில் தட்டிய எண் வாடிக்கையாளர் சொன்ன எண்தான். அவருடைய எண் என்பதற்கு அதில் சான்று இல்லை. ஓர் இலக்கம் தவறினால் முன்பின் தெரியாத ஒருவர் வாட்ஸ்அப்பில் "வணக்கம்" என்றதும், சாட்பாட் அவரிடம் இவருடைய முகவரியையும் புகாரையும் எடுத்து வைக்கும். வேண்டுமென்றே பிறர் எண்ணைத் தட்டுபவர்களும் உண்டு.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். அரட்டைப் பெட்டியில் "கைப்பேசியில் தொடர்க" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சேவையகம் ஒரு குறியீட்டை உருவாக்கி, இப்படி ஒரு முகவரியைத் திறக்கும்:

```
https://wa.me/<number>?text=LINK%20K7Q2M9
```

வாட்ஸ்அப்பில் செய்தி தயாராக நிற்கும். வாடிக்கையாளர் அனுப்பினால் போதும். எண்ணை அவர் தட்டவே இல்லை. செய்தி எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதை வாட்ஸ்அப்பே சொல்லிவிடுகிறது. குறியீடு வலைத்தள அரட்டையைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே செய்தியில் வந்து சேர்கின்றன. குறியீட்டுக்கு ஆயுள் 10 நிமிடம், ஒரு முறைதான் செல்லும்.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒருவர் அந்த முகவரியைத் தம் நண்பருக்கு அனுப்பினார். நண்பர் அழுத்த, நண்பரின் எண் இவர் வரலாற்றோடு சேர்ந்துவிட்டது. அதன் பிறகு அரட்டைப் பெட்டியிலேயே, "46 என்று முடியும் எண் உங்களுடையதா?" என்று ஒருமுறை கேட்டு, "ஆம்" என்ற பின்பே பதிகிறோம்.

ஜெசிந்தா:

சொல்லுக்கு என்னிடம் யோசனை இல்லை, ஆனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். என் அம்மாவும் நானும் ஒரே கைப்பேசியில் வாட்ஸ்அப் வைத்திருந்தோம். ஒரு கடையின் வலைத்தள அரட்டையில் என் கணக்கிலிருந்து அந்த எண்ணைச் சேர்த்தேன். சில நாள் கழித்து அம்மா தம் மருத்துவக் கருவி பற்றிக் கேட்க, சாட்பாட் என் காலணியைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பேசியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மா தம் உடல்நிலை பற்றி எழுதியதெல்லாம் என் வலைத்தள வரலாற்றில் வந்து நின்றது. பிரித்துத் தாருங்கள் என்று கேட்டேன். "சேர்த்தது சேர்த்ததுதான், பிரிக்க இயலாது" என்றார்கள். அம்மா அந்தக் கடையில் அதன் பிறகு எதுவும் வாங்கவில்லை.

சண்முகம்:

ஜெசிந்தா சொன்னதில்தான் நம் கலைச்சொல்லே இருக்கிறது. அந்தக் கடை செய்தது அடையாளங்களைக் கட்டிவைப்பது அல்ல, கலந்துவிடுவது. வாட்ஸ்அப்பில் வந்த ஒவ்வொரு செய்தியின் மீதும் இருந்த பழைய உரிமையாளர் குறியீட்டை அழித்து, வலைத்தளக் குறியீட்டை எழுதியிருப்பார்கள். பாலில் நீர் சேர்த்தது போலத்தான். எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்ற தடமே போய்விடும்.

கட்டிவைப்பது வேறு. செய்திகளை யாரும் தொடுவதில்லை. தனியாக ஓர் அட்டவணை இருக்கும்:

```
person   channel    channel_id
P-101    web        w-7f3a
P-101    whatsapp   ...46
```

வரலாறு கேட்கும்போது `P-101` என்பவருக்கு உரிய குறியீடுகளை எடுத்து, அவற்றின் செய்திகளை நேர வரிசையில் அடுக்கிக் காட்டுகிறோம். பிரிக்க வேண்டுமானால் வாட்ஸ்அப் வரியில் `P-101` என்பதை மாற்றிப் புதிய ஆள் எண் கொடுத்தால் போதும். அம்மாவின் பேச்சு அம்மாவோடு போய்விடும். ஒரே கைப்பேசியில் இருவர் எழுதிய பேச்சை மட்டும் இதனாலும் பிரிக்க முடியாது.

எனவே ஒன்றுக்குப் ‘பிணைத்தல்’, மற்றதற்குக் ‘கலத்தல்’ என்பது என் பரிந்துரை. பிணைத்ததை அவிழ்க்கலாம், கலந்ததை அவிழ்க்க முடியாது. எண்கள் கைமாறுவதால் இந்த ‘அவிழ்த்தல்’ கட்டாயம் தேவைப்படும். ஒருவர் விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் காலப்போக்கில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறது. நெடுநாள் மௌனமாக இருந்த எண் திடீரென்று வேறு பெயரில், வேறு மொழியில் பேசத் தொடங்கினால் அதுவே அறிகுறி. அப்போது பழைய வரலாற்றைக் காட்டாமல், குறியீடு கொடுத்து மீண்டும் உறுதிசெய்ய வேண்டும்.

தேன்மொழி:

‘பிணைத்தல், அவிழ்த்தல்’ என்ற இணை பிடித்திருக்கிறது. நான் எண்ணிப் பார்த்த மற்றவை ஒவ்வொன்றும் எங்கோ இடித்தன. ‘தொடுப்பு’ பூத்தொடுப்பதை நினைவூட்டும் அழகான சொல். வலைச்சுட்டிக்கு அதைப் பயன்படுத்துவோரும் உண்டு. ஆனால் பேச்சு வழக்கில் அதற்குக் கள்ள உறவு என்றொரு பொருள் இருப்பதால் வாடிக்கையாளர் திரையில் வைக்க மனம் வரவில்லை. கோத்தல் என்பதிலிருந்து ‘அடையாளக் கோப்பு’ என்றேன். எல்லோரும் அதை ஃபைல் என்றே படித்தார்கள்.

ரியாஸ்:

படிவ எண்ணை நம்பக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பிணை’ என்றால் எனக்கு ஜாமீன்தான் நினைவுக்கு வருகிறது. "உங்கள் எண் பிணைக்கப்பட்டது" என்று திரையில் கண்டால், எதற்கோ பொறுப்பேற்றுவிட்டோமோ என்று ஒருவர் அஞ்சமாட்டாரா?

இன்னொன்று. பிணைத்த உடனே, சாட்பாட் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கேள்விகளையும் பொதுவாக்கிவிடாதீர்கள். வலைத்தளத்தில் "ஆர்டரை ரத்து செய்யவா?" என்று அது காத்திருந்தது. வாட்ஸ்அப்பில் வேறு கேள்விக்கு நான் "ஆம்" என்றேன். ஆர்டர் ரத்தாகிவிட்டது. வரலாறு பொதுவாக இருக்கட்டும். பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வி அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும்.

சண்முகம்:

ரியாஸ் சொன்னது மிகச் சரி. காத்திருக்கும் கேள்வியை ஆளோடு சேர்க்காமல் `channel_id` உடன்தான் வைக்க வேண்டும். ஜாமீன் ஐயத்துக்கு என் பதில்: ‘பிணைப்பு’ ஆவணங்களில் இருக்கட்டும், திரையில் கலைச்சொல்லே வேண்டாம்.

தேன்மொழி:

அப்படியே செய்கிறேன். ஆவணத்தில் ‘அடையாளப் பிணைப்பு’, ‘பிணைப்பு அவிழ்த்தல்’, ‘அடையாளக் கலப்பு’. திரையில் "இந்த உரையாடலைக் கைப்பேசியிலும் தொடர்க" என்றும், "இந்த எண்ணில் இனி என் உரையாடலைக் காட்ட வேண்டாம்" என்றும் முழு வாக்கியங்கள். அந்தப் பெண்மணியிடம் இரண்டாவது வாக்கியத்தைக் காட்டினேன்; தயங்காமல் அழுத்தினார்.

அட்டவணையின் நடு நெடுவரிசை, அந்த `channel`, இன்னும் தமிழாகவில்லை. ‘அலைவரிசை’ என்றால் தொலைக்காட்சி. ‘வாயில்’ என்று வைத்து, வலைவாயில், செய்திவாயில் என்று சொல்லிப் பார்க்கிறேன். ‘தடம்’ என்ற சொல்லையும் ஒருவர் தனிமடலில் தந்திருக்கிறார். இந்த இரண்டில் எது என்று சொல்லுங்கள்.