தமிழ்க் குரல் சேவையில் 30% பிழை: விட்டுவிடலாமா?

நொய்யல்: பெங்களூரு கிளினிக் ஒன்றுக்கு அப்பாயின்ட்மென்ட் செயலி செய்கிறோம். நோயாளி தமிழில் பேசுவார், வரவேற்பில் ஆங்கிலத்தில் தெரிய வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் ஒரு கிளவுட் சேவையில் இந்தியத் தமிழுக்கான ta-IN வைத்துச் சோதித்தேன், சொல் பிழை விகிதம் 30%. வேறு சேவைக்கு மாறவா?

கூடல்வாசி: மாறுங்க. அதுக்கு முன்னாடி, போன் ஆடியோ 8000 ஹெர்ட்ஸில் இருந்தால் 16000க்கு மாற்றி அனுப்புங்க, பாதிப் பிழை போயிடும்.

மணல்மேடு: போகாது. 8000ல் பதிவானதில் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியே கிடையாது, பிறகு மாற்றினாலும் அது திரும்பி வராது. செயலியின் மைக்கிலேயே 16000ல் பதிவு செய்தால் பலன் உண்டு.

நொய்யல், அந்த 30% எதில் வந்தது என்று பாருங்க. நீங்கள் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதி வைத்து, சேவை ‘வந்து கொண்டிருக்கிறேன்’ என்று தந்தால், ஒரே சொல்லுக்கு இரண்டு பிழை ஏறும்: ஒன்று மாற்றம், ஒன்று கூடுதல். ‘டாக்டரைப்’ என்பதில் ப் விட்டால் இன்னொன்று. கேட்டதில் குறையே இல்லை. சொல்லாக இல்லாமல் எழுத்து எழுத்தாக ஒப்பிடும் பிழை விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்க.

கூடல்வாசி: எண்ணை அழகாக்கிட்டா நோயாளிக்கு என்ன லாபம்?

மணல்மேடு: நியாயமான கேள்வி. எண் சின்னதாக இருந்தும் ஆபத்தாக முடியும். ‘நாளைக்கு நான் வரல’ என்பதை ‘நாளைக்கு நான் வரலாம்’ என்று எழுதிவிட்டால், எழுத்தளவில் சின்னப் பிழைதான். மொழிபெயர்ப்பு சேவைக்குப் போவது இலக்கணம் சுத்தமான வாக்கியம். அது ‘வரக்கூடும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் கொடுத்துவிடும். வரவேற்பில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது. அதனால் எதிர்மறை வாக்கியங்களைத் தனியாகச் சோதித்து, எத்தனை தலைகீழானது என்று எண்ணுங்க. ரத்து, தேதி மாற்றம் இரண்டுக்கும் மொழிபெயர்க்கும் முன்பே தமிழில் காட்டி, ‘ஆம்’ ‘இல்லை’ பொத்தான் வையுங்க.

வல்லிபுரம்: எங்கட அம்மம்மா ‘வரேல்லை’, ‘ஏலாது’ எண்டுதான் கதைப்பா. இலங்கைத் தமிழுக்கான ta-LK தெரிவு செய்தும் பாதி பிழையாத்தான் வந்தது. சேவைக்கு முன்னமே குடுக்கிற உதவிச் சொற்பட்டியலில் போட்டால் சரிவருமோ?

மணல்மேடு: டாக்டர் பெயர், மருந்துப் பெயருக்கு அந்தப் பட்டியல் நன்றாக உதவும். பேச்சு வழக்கு முழுவதையும் அதில் அடக்க முடியாது.

நொய்யல்: சரி, சேவையை இப்போது மாற்றவில்லை. ஆனா சோதனை வாக்கியத்தை ‘வரல’ என்று எழுதுவதா, ‘வரவில்லை’ என்றா?

மணல்மேடு: காதில் விழுந்தபடியே. இல்லாவிட்டால் சேவை சரியாகக் கேட்டதும் பிழைக் கணக்கில் சேரும்.

கூடல்வாசி: எழுத்து நடையில்தான். மொழிபெயர்ப்புக்கு ‘வரவில்லை’ போனால்தான் தடுமாறாது. கடைசியில் வரவேற்பில் படிக்கிறது ஆங்கிலத்தைத்தானே?

மணல்மேடு: அப்போ பேச்சை எழுத்து நடைக்கு மாற்ற நடுவில் ஒரு படி வேண்டும். அந்தப் படி செய்யும் பிழையை யார் கணக்கில் எழுதுவீங்க?