க்ரீம் தீற்றல்: பளபளப்பு வந்துவிடுகிறது, கனம்தான் வரமாட்டேன் என்கிறது

வாசு, வடபழனி

க்ரீம் ஸ்வாட்ச் ரெண்டர் செய்தவர்கள், படம் எடுத்தவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் சொல்லுங்கள். என்னுடையது இது. ஒரு ஃபேஸ் க்ரீம், கருப்புக் கண்ணாடி மேல் பேலட் நைஃபால் ஒரே இழுப்பு, சுமார் 6 செ.மீ. நீளம். ப்ளெண்டரில் செய்து, Roughness 0.1 வைத்து, சப்சர்ஃபேஸும் போட்டு அனுப்பியாகிவிட்டது. மறுநாள் அந்த மேடம் டப்பாவோடு நேரிலேயே வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மூடியைத் திறந்தார். என் மேஜைக் கண்ணாடி மேலேயே கொஞ்சம் வைத்து, ஒரு விசிட்டிங் கார்டின் ஓரத்தால் சர்ரென்று இழுத்தார். "இது க்ரீம். உங்க ஸ்க்ரீன்ல இருக்கறது பெவிகால்" என்றார்.

கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அவர் போன பிறகு குனிந்து பார்த்தேன். மேலே டியூப்லைட். அந்த வெளிச்சம் க்ரீமின் மேல் ஒரே ஒரு கோடாக ஓடியது. கார்டு ஒதுக்கித் தள்ளிய வரப்பில் ஏறும்போது கோடு வளைந்தது, உச்சியில் மெலிந்தது, மறுபக்கம் அறுந்தே போனது. என் ரெண்டரிலும் வரப்பு இருக்கிறது, பள்ளம் இருக்கிறது. ஆனால் எல்லா இடமும் ஒரே மாதிரி மினுக்குகிறது. இன்னொன்று, மேஜையில் க்ரீம் மெலிந்து முடியும் இடத்தில் அடியில் இருக்கும் கருப்பு லேசாகத் தெரிந்தது. என்னுடையது சட்டென்று நின்றுவிடுகிறது. இந்த இரண்டும் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

ராகவ், போரூர்

ப்ரோ, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். கனம் என்றாலே சப்சர்ஃபேஸ்தான். நான் போன வருடம் ஒரு சன்ஸ்க்ரீன் செய்தேன். க்ளையன்ட் வேளச்சேரியில் ஒரு காபி கடையில் வைத்து லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரீனைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். அந்த ஒரு நொடிக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம். நான் எதையும் மாற்றவில்லை. சப்சர்ஃபேஸ் வெயிட்டை 1 ஆக்கினேன், மற்றதெல்லாம் டிஃபால்ட். பளபளப்புக்கு Roughness-ஐ இன்னும் இறக்குங்கள், ஈரமாகத் தெரியும்.

மீரா, மயிலாப்பூர்

ராகவ், ஈரம் வேறு, க்ரீம் வேறு. இன்னும் இறக்கினால் அவர் மேடம் பெவிகாலிலிருந்து கண்ணாடிக்குப் போய்விடுவார்.

நான் 3டி ஆள் இல்லை, டேபிள்டாப் போட்டோ எடுப்பவள். வாசு, உங்கள் கதையில் முக்கியமான ஆள் அந்த டியூப்லைட்தான். சீனில் என்ன லைட் வைத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. சுற்றிலும் ஹெச்.டி.ஆர்.ஐ. மட்டும் போட்டிருந்தால் க்ரீமுக்கு எல்லாத் திசையிலும் ஏதோ ஒரு வெளிச்சம் கிடைக்கும், எல்லாத் திசையிலும் மினுக்கும். க்ரீமின் பளபளப்பு என்று நாம் சொல்வது அதில் தெரியும் விளக்கின் பிம்பம். விளக்கு எங்கே முடிகிறதோ அங்கேதான் வளைவு தெரியும்.

என் அனுபவம் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில், மே மாதம். வெள்ளை க்ரீம், கருப்பு அக்ரிலிக் ஷீட். பின்பக்கம் தாழ்வாக ஒரு சாஃப்ட்பாக்ஸ், அதற்கு முன்னால் ட்ரேசிங் பேப்பர். விளக்கை பேப்பரின் ஒரு ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன், வெளிச்சம் ஒரு பக்கம் பலமாகத் தொடங்கி மறுபக்கம் கரைய வேண்டும் என்பதற்காக. வரப்பு அழகாக எழும்பி நின்றது. உடன் இருந்த பையன் ஷீட்டில் ஒரு ரிஃப்ளெக்‌ஷன் தொந்தரவு செய்கிறது என்று லென்ஸில் போலரைசரை மாட்டி, வளையத்தைத் திருப்பினான். கேமரா மேஜையிலிருந்து 35 டிகிரி வாக்கில் சாய்ந்திருந்தது, அந்தக் கோணத்தில்தான் போலரைசர் வெறியோடு வேலை செய்யும். ஷீட்டின் பிம்பம் போனது, கூடவே க்ரீமின் உயிரும் போனது. அதே க்ரீம், அதே வரப்பு, ஆனால் காய்ந்த சுண்ணாம்பு. திருப்பி விட்டால் மறுபடி க்ரீம். அவன் திருப்பித் திருப்பி விளையாட, நாங்கள் எல்லோரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். உயரம் துளிகூட மாறவில்லை, கனம் மட்டும் வந்து வந்து போனது.

சுமதி, கே.கே. நகர்

வணக்கம். எனக்கும் இதே கனப் பிரச்சினைதான். வீட்டில் கற்றாழை க்ரீம் செய்து விற்கிறேன், 50 கிராம் டப்பா. படத்தில் பார்த்தால் 30 கிராம்தான் இருக்கும் போல என்று ஒருவர் மெசேஜ் போட்டிருந்தார். எடைபோட்டு வீடியோ அனுப்பினேன்.

தீற்றிக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் தடவி போனில் எடுத்தேன். க்ரீமில் பளபளவென்று ஏதோ இருந்தது, எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என் பெண் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல ஃபேன் றெக்கை தெரியுது" என்றாள். மூன்று றெக்கையும் தெளிவாக இருந்தது! தட்டிலே என் தலை வேறு. இப்போது என்ன செய்ய வேண்டும்?

பாலா, தாம்பரம்

சுமதி அக்கா, ஃபேனை நிறுத்தினாலும் றெக்கை தெரியும், அதனால் ஜன்னல் பக்கம் போய்விடுங்கள். ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டி, தட்டை ஜன்னலுக்கு முன்னால் வைத்து, நீங்கள் ஜன்னலைப் பார்த்து நின்று எடுங்கள். தட்டு வேண்டாம், கருப்பு டைல்ஸ் ஒன்று வாங்குங்கள். க்ரீமைத் தடவுவதற்கு முன்னால் டப்பாவுக்குள் நன்றாகக் கலக்கிவிடாதீர்கள், காற்றுக் குமிழி ஏறும். இட்லிப் பொடி கரண்டி வேண்டாம், பின்பக்கம் தட்டையான கத்தி வேண்டும். கத்தியை 30 டிகிரி சாய்த்து, நடுவில் நிறுத்தாமல் இழுத்து, முடிவில் மேலே தூக்கினால் ஒரு கூர் வரும். காய்ந்து போகாமல் இருக்க கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஸ்ப்ரே செய்யலாம். அதோடு வெள்ளை க்ரீம் என்றால் போனில் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரப்பெல்லாம் வெளுத்து ஒன்றாகிவிடும். லேபிள் டிசைனும் மாற்றலாம், அந்தப் பச்சை ரொம்ப அடிக்கிறது. விலையையும் லேபிளில் போடுங்கள். எனக்குச் சொந்தமாகக் கதை எதுவும் இல்லை, ஒருமுறை ஷாம்பு எடுத்தேன், அவ்வளவுதான்.

மீரா, மயிலாப்பூர்

பாலா, மற்றதெல்லாம் சரி, கிளிசரின் ஸ்ப்ரே மட்டும் வேண்டாமே. அது சாலட்டுக்கும் ஜூஸ் கிளாஸுக்கும். க்ரீமில் அடித்தால் வழவழப்பான பரப்பில் புள்ளி புள்ளியாக நிற்கும்.

காய்வது நிஜப் பிரச்சினைதான். க்ரீமின் மேல்பரப்பில் இருக்கும் தண்ணீர் ஏ.சி. காற்றிலும் விளக்குச் சூட்டிலும் முதலில் போகிறது. பத்து நிமிடத்துக்குள் மேலே ஒரு மெல்லிய ஆடை படிந்து ஹைலைட் மங்கிவிடும். அதற்கு நான் செய்வது, மட்டமான ஒரு தீற்றலை வைத்து லைட், ஃபோகஸ் எல்லாம் சரி செய்துவிட்டு, கடைசியில் அதைத் துடைத்துப் புதிதாக ஒன்றை இழுப்பது. சென்னை வெயிலில் க்ரீம் இளகி வரப்பு சரிந்தால் டப்பாவை மட்டும் ஃபிரிட்ஜில் வைப்பேன். ஷீட்டை வைத்தால் வெளியே எடுத்த உடனே வியர்த்துவிடும்.

பாலா, தாம்பரம்

நான் பார்த்த ஒருவர் கிளிசரின்தான் அடித்தார், நன்றாகவே வந்தது.

கண்ணன், சாலிகிராமம்

வாசு, உங்கள் ஃபைலைப் பார்க்காமல் சொல்கிறேன். ராகவ் சொன்னது பாதி சரி. சப்சர்ஃபேஸ் இல்லாமல் க்ரீம் பெயின்ட்டாகத்தான் தெரியும். ஆனால் டிஃபால்ட் அவருக்கு ஏன் வேலை செய்தது? ராகவ், உங்கள் தீற்றல் சீனில் எத்தனை மீட்டர் இருந்தது என்று பாருங்கள். Subsurface Scale டிஃபால்ட்டாக 0.05, அதாவது 5 செ.மீ. 6 மீட்டர் நீளத்தில் மாடல் செய்திருந்தால், நிஜ அளவில் அது அரை மி.மீ. சொச்சம்தான், க்ரீமுக்கு ஓரளவு பொருந்திவிடும். நிஜ அளவில் 6 செ.மீ. மாடல் செய்தவருக்கு அதே எண், வெளிச்சம் தீற்றல் முழுக்க ஊடுருவி வரப்பின் நிழலையே கரைத்துவிடும். அப்புறம் Radius-ல் இருக்கும் 1.0, 0.2, 0.1 தோலுக்கான எண்கள், சிவப்புதான் அதிக தூரம் போகும். வெள்ளை க்ரீமின் ஓரம் ரோஸாக வந்தால் காரணம் அதுதான். மூன்றையும் கிட்டத்தட்டச் சமமாக்குங்கள்.

என்னை இன்னும் குடைகிற சம்பவம் வேறு. ஒரு நைட் க்ரீம். வரப்பு 4 மி.மீ., நடுவில் 1 மி.மீ.க்கும் கீழே. ஒரு ஜூனியர் ஹைட் மேப் கொடுத்தார், டிஸ்ப்ளேஸ்மென்ட்டும் சரியாக இருந்தது, தூரத்தில் பிரமாதம். மீரா சொன்ன மாதிரி பின்னால் ஒரே ஒரு ஏரியா லைட் வைத்த உடனே, ஹைலைட் ஓடும் இடத்தில் எல்லாம் மெல்லிய படிக்கட்டு. லைட்டைக் குறை சொன்னோம், சாம்பிள்ஸை ஏற்றினோம், சப்டிவிஷனைக் கூட்டினோம். கூட்டக் கூட்டப் படிக்கட்டு இன்னும் தெளிவானது! கடைசியில் பார்த்தால் மேப் 8 பிட். 256 படிகளுக்கு 4 மி.மீ. என்றால் ஒரு படி 0.016 மி.மீ. உயரமாக யாருக்கும் தெரியாது, பளபளப்பான பரப்பில் சரிவு மாறுவது மட்டும் உடனே தெரியும். 32 பிட் இ.எக்ஸ்.ஆரில் மறுபடி எடுத்தோம், Non-Color வைத்தோம், படிக்கட்டு போய்விட்டது. அந்த ஜூனியர் முந்தைய வேலையில் இதை மேட் பரப்பில்தான் செய்திருக்கிறார், அங்கே தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

உங்களுக்கு: மெட்டீரியல் செட்டிங்ஸில் Bump Only இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வரப்பெல்லாம் ஷேடிங்கில் மட்டும், ஓரக்கோடு தட்டையாகவே நிற்கும். Displacement and Bump ஆக்குங்கள். Roughness 0.25–0.3க்கு ஏற்றுங்கள். மெலிந்த ஓரத்துக்கு நான் அதே ஹைட் மேப்பையே மாஸ்க்காக எடுத்து, அரை மி.மீ.க்குக் கீழே போகப் போக டிரான்ஸ்பரன்ட்டைக் கலப்பேன்.

ராகவ், போரூர்

திறந்து பார்த்தேன். 5.8 மீட்டர். சரி. ஆனாலும் க்ளையன்ட் கையை நீட்டினாரா இல்லையா?

சுமதி, கே.கே. நகர்

பட்டர் பேப்பர் ஒட்டி எடுத்தேன். ஃபேன் போய்விட்டது, இப்போது ஜன்னல் கம்பி லேசாகத் தெரிகிறது. பேப்பரை இரண்டாக மடித்து ஒட்டலாமா? பாலா தம்பி, லேபிள் பச்சைதான், மாற்ற மாட்டேன்.

மீரா, மயிலாப்பூர்

மடிப்பதை விட, பேப்பரைக் கண்ணாடியிலிருந்து ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளித் தொங்கவிடுங்கள். கம்பி கரைந்துவிடும்.

வாசு, வடபழனி

ஹெச்.டி.ஆர்.ஐ.யைத் தூக்கிவிட்டுப் பின்னால் ஒரு ஏரியா லைட் மட்டும் வைத்தேன். கோடு வரப்பில் ஏறி அறுகிறது, அதுவே பாதி வேலை. Subsurface Scale 0.0005 வைத்த பிறகு வரப்பின் நிழல் பக்கமும் வந்துவிட்டது. மேப் 16 பிட்தான், தப்பித்தேன்.

கண்ணன் சார், ஓரத்தில் டிரான்ஸ்பரன்ட் கலந்தால் எனக்குச் சுற்றிலும் ஒரு சாம்பல் பட்டை வருகிறது. மேஜையில் பார்த்தது அப்படி இல்லை. அங்கே கார்டு இழுத்த திசையில் கீறல் கீறலாக மெலிந்தது, சில கீறலில் கருப்பு, பக்கத்துக் கீறலில் முழு வெள்ளை. மீரா அக்கா, அந்தக் கோடம்பாக்கம் ஷூட்டில் ஓரத்தின் க்ளோசப் ஏதாவது கைவசம் இருக்கிறதா? போலரைசர் போட்டதும் போடாததும் இரண்டுமே கிடைத்தால் நல்லது.