ஒரே வெள்ளத்தில் நின்ற மூன்று பலகைகள்

சிந்துபூந்துறை

2023 டிசம்பர் 18 அன்று தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் புகுந்து, வீட்டில் முழங்கால் அளவுக்கு இரண்டு நாள் நின்றது. சமையலறையின் கீழ் அலமாரிகள் பிளைவுட், படுக்கையறையின் ஏழடிக் கதவுகள் உள்ளே மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிய பிளாக் போர்டு, கூடத்து டி.வி. அலமாரி மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். மூன்றும் ஒரே தண்ணீரில் ஒரே நேரம் நின்றும், மூன்றும் மூன்று விதமாகக் கெட்டன.

சேற்றைக் கழுவிய அன்று டி.வி. அலமாரியின் அடிவிளிம்பை அழுத்தினேன். விரல் உள்ளே போனது. 18 மில்லிமீட்டர் பலகை அடியில் 25 இருந்தது. ஒரு மாதம் காய்ந்த பிறகும் 24-க்குக் கீழ் இறங்கவில்லை. கீலின் திருகாணிகளைக் கையாலேயே உருவ முடிந்தது.

பிளைவுட் அப்போது ஒன்றும் ஆகாததுபோல் நின்றதால், பிளாக் போர்டு கதவுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று கழற்றி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்குச் சாய்த்து வைத்தேன். நான்காம் நாள் ஒரு கதவில் மேலிருந்து கீழே நூல் பிடித்தேன்; நடுவில் முக்கால் அங்குலம் இடைவெளி விழுந்தது. மாலை வெயில் சாய்ந்து விழுந்தபோது, மைக்காவின் மேலேயே ஓர் அங்குலத்துக்கு ஒரு வரியாக மேடும் பள்ளமும் தெரிந்தன. உள்ளே எத்தனை கட்டைகள் இருக்கின்றன என்று எண்ணிவிடலாம். நனையாத மேல்பகுதியில் அந்த வரிகள் இல்லை. நான் வெயிலில் வைத்ததால்தான் கதவு போயிற்றா என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

பிப்ரவரியில் பிளைவுட்டும் கைவிட்டது. தொட்டிக்குக் கீழுள்ள பக்கப்பலகையின் அடி, வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது.

வண்ணார்பேட்டை

அண்ணாச்சி, உங்களுக்குக் கொடுத்த பிளைவுட் காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும் எம்.ஆர். ரகமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள பலகை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் நின்றும் இன்றுவரை அப்படியே இருக்கிறது. அந்தப் பலகைக்குள் தண்ணீர் இறங்கவே இறங்காது. முத்திரையைப் பார்த்து வாங்கியிருந்தால் உங்களுக்கு இந்த நஷ்டம் வந்திருக்காது. எம்.டி.எஃப். பலகையை வாசற்படி தாண்டி உள்ளேயே விடக்கூடாது.

மேலப்பாளையம், தச்சு வேலை 35 ஆண்டுகள்

வண்ணார்பேட்டைத் தம்பி சொன்னது பாதி சரி. 710 பலகையிலும் மரம் தண்ணீரைக் குடிக்கும். குடித்தாலும் பசை விடாது என்பதுதான் விஷயம். அந்தப் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். எம்.ஆர். ரகத்துக்கு 60 டிகிரி சூட்டில் 3 மணி நேரம் தாங்கினால் போதும். அது காற்றின் ஈரத்துக்காகச் செய்தது. தேங்கிய தண்ணீருக்கு ஆகாது. ஊறியதும் உடனே பிரியாமல், காயும்போது அடுக்குகள் சுருங்கி ஒன்றையொன்று இழுக்கையில் பிரிவதால்தான் பிப்ரவரிவரை தெரியவில்லை.

பிளாக் போர்டு கதவில் நீங்கள் கண்ட வரிகள் உள்ளே இருக்கும் கட்டைகள்தாம். உயரக் கதவுக்கு அந்தக் கட்டைகள் நெடுக்காக ஓடும். அதனால்தான் அது எடை குறைவாகவும், சாதாரண நாளில் வளையாமலும் இருக்கிறது. ஆனால் கதவின் அடிவிளிம்பில் அத்தனை கட்டைகளின் வெட்டுமுகமும் கீழ்நோக்கி நிற்கும். மரம் வெட்டுமுகத்தில் குடிப்பதுபோல் பக்கவாட்டில் குடிக்காது. ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக உப்பும். இடையில் சந்து விட்டு அடுக்கிய மட்டமான சரக்கில் அந்தச் சந்து அப்படியே பள்ளமாக நிற்கும். நான் பிரித்துப் பார்த்த பழைய கதவுகளில் பெரும்பாலானவற்றின் பக்கவிளிம்பில் பட்டை ஒட்டியிருந்தது, அடிவிளிம்பு பச்சையாகவே இருந்தது. யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் முதலில் தொடுவது அந்த இடத்தைத்தான்.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். சாய்த்து வைத்த கதவில் வெயில் படும் முகம் முதலில் காய்ந்து சுருங்கும், சுவர்ப் பக்கம் ஈரமாகவே இருக்கும். வளையாமல் என்ன செய்யும்? நிழலில், சமதரையில், ஓர் அடிக்கு ஒரு ரீப்பர் வைத்து, கதவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, மூன்று நான்கு வாரம் விட வேண்டும். அப்படிச் செய்திருந்தால் வளைவு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். வரிகள் எப்படியும் வந்திருக்கும்.

இனிச் செய்யும்போது பக்கப்பலகையைத் தரையில் ஊன்றாதீர்கள். நான்கு அங்குல உயரத்துக்குக் கிரானைட் மேடை கட்டி, அதன்மேல் பெட்டியை வையுங்கள். அறுத்த விளிம்பு ஒவ்வொன்றிலும், தொட்டியின் குழாய்க்குப் போட்ட ஓட்டையின் உள்சுற்றிலும்கூட, எபாக்சி பூச்சை இரண்டு கை கொடுங்கள். வெள்ளத்துக்கு இது போதாது. தினம் தரை கழுவும் தண்ணீருக்குப் போதும். கண்ணுக்குத் தெரியாமல் அலமாரியைத் தின்பது அந்தத் தண்ணீர்தான்.

பாளையங்கோட்டை, ஆசிரியை

எம்.டி.எஃப். உள்ளேயே வரக்கூடாது என்று எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாடியறைப் புத்தக அலமாரியின் கதவுகள் எம்.டி.எஃப். பலகையில் பள்ளம் செதுக்கி வண்ணம் பூசியவை. ஒன்பது ஆண்டுகளாக ஒரு மயிரிழைகூட மாறவில்லை. பிளைவுட்டில் செதுக்கினால் அடுக்குகள் பிய்ந்து தெரியும். அந்த வேலைக்கு இதுதான் பொருந்துகிறது. எங்கள் வீட்டில் கெட்டது ஒரே ஒரு கதவு. கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அதில், ஈரத்துணியை மடித்துப் போடும் வழக்கத்தால், துணி தொட்ட மேல்விளிம்பு மட்டும் பூரிபோல் உப்பிவிட்டது. அதே கதவின் அடிவிளிம்பு இன்றும் 18 மில்லிமீட்டர்தான்.

அம்பாசமுத்திரம்

எங்கள் பக்கம் ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. எங்கள் படுக்கையறை அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை வருகிறது; பட்டுப்புடவை ஒன்றில் புள்ளி விழுந்துவிட்டது. தரையில் துளி ஈரம் இல்லை. நானும் 710 பலகைக்கு மாற்றிவிடலாமா?

மேலப்பாளையம்

அக்கா, பலகையை மாற்றினால் அந்த வாடை போகாது, ஈரம் சுவரிலிருந்து வருகிறது. பின்பலகையின் ஒரு மூலையைக் கழற்றி, சுவரைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்து, சுண்ணாம்பு பொரிந்திருந்தால் வெளிச்சுவரில் கசிவு இருக்கிறது. முதலில் அதை அடையுங்கள். பிறகு சுவருக்கும் பின்பலகைக்கும் இடையே ஓர் அங்குலம் விட்டு, மேலும் கீழும் காற்றுப் போகவிடுங்கள். பின்பலகையின் உள்முகத்துக்கு மட்டும் மைக்கா ஒட்டி, சுவர்ப் பக்கத்தை வெறுமனே விடுகிறார்கள். அந்த முகம் ஈரம் வாங்கிப் பலகை வளையும். இரண்டு முகமும் மூடியிருக்க வேண்டும்.

வண்ணார்பேட்டை

மரம் குடிக்கும் என்றால் என் பலகை ஏன் அப்படியே நிற்கிறது? ஒரு நாளுக்கும் இரண்டு நாளுக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்குமா?

சிந்துபூந்துறை

அதற்கு எனக்கு விடை தெரியாது, தம்பி. பசைக்கா, நாள் கணக்குக்கா, உங்கள் விளிம்புகளை அடைத்த ஆசாரிக்கா, யாருக்கு அந்தப் புகழ் சேரும் என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

கிரானைட் மேடை கட்டியாயிற்று. புதிய பலகைக்காகச் சென்ற கடையில், 710 என்று அச்சிட்ட சரக்கிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை அறுத்து வாங்கிவந்து, பழைய குக்கரில் மூடி போடாமல், தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக் கொதிக்கவிட்டேன். 72 மணி நேரம் தேவைப்படவில்லை. ஐந்தாம் மணி நேரத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. துண்டை எடுத்து ஓரத்தில் கத்தி முனையை வைத்தேன், அழுத்துவதற்கு முன்பே மேலடுக்கு கழன்று வந்தது. அந்தத் துண்டைக் காகிதத்தில் பொதிந்து கடை மேசையில் வைத்துவிட்டு, முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இரண்டாம் கடையின் துண்டு நேற்றுக் காலையிலிருந்து அடுப்பில் இருக்கிறது, இன்னும் பிரியவில்லை.