கடைசி ரவுண்டு முடிந்தது, அதன் பிறகு பதிலே இல்லை

பிரபா: ஒரு கம்பெனியில் நேர்காணல் நான்கு ரவுண்டும் முடிந்தது. கடைசியில் துறைத் தலைவரே பேசினார். "வெள்ளிக்கிழமைக்குள் ஹெச்.ஆர். சொல்லிவிடுவார்கள்" என்றார். அந்த வெள்ளியும் போய் அடுத்த வெள்ளியும் போய்விட்டது. "ஏதாவது தகவல் உண்டா?" என்று ஒரு மெயில் போட்டேன், பதில் இல்லை. மறுபடி கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களா? கேட்பதென்றால் எப்படிக் கேட்பது?

ரகு: கேட்காதீர்கள். எடுக்க முடிவு செய்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டார்கள், அவர்களே போன் செய்வார்கள். பதில் வரவில்லை என்றாலே இல்லை என்றுதான் அர்த்தம். திரும்பத் திரும்பக் கேட்டால் நம் மதிப்புதான் குறையும். வேறு இடம் பாருங்கள்.

தேன்மொழி: ஆள் எடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவள் என்ற முறையில் இதை மறுக்கிறேன், ரகு. கடைசி ரவுண்டுக்கு வந்தவரை நிராகரித்துவிட்டால் பல இடங்களில் சிஸ்டத்திலிருந்து ஒரு மறுப்பு மெயிலாவது போய்விடும். ஒன்றுமே வராமல் இருப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கும். அடிக்கடி நடப்பது இதுதான்: இரண்டு பேர் பிடித்துப்போயிருப்பார்கள், முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கும். அவர் யோசிக்க ஒரு வாரம் கேட்பார், சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொல்வார், அதற்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அது முடியும் வரை இரண்டாவது ஆளிடம் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சில சமயம் நேர்காணல் செய்தவர்களில் ஒருவர் கருத்தைப் பதிவு செய்யாமலே விடுப்பில் போயிருப்பார். சில சமயம் அந்தப் பதவிக்கான பட்ஜெட்டே நிறுத்திவைக்கப்பட்டிருக்கும்.

இந்த எல்லாச் சமயத்திலும் ஹெச்.ஆரிடம் சொல்ல எதுவும் இருக்காது. "ஏதாவது தகவல் உண்டா?" என்ற கேள்விக்கு அவர் "இல்லை" என்றுதான் எழுத முடியும். அதை எழுதச் சங்கடப்பட்டு விட்டுவிடுவார். பிரபாவுக்குப் பதில் வராததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரகு: முதல் ஆள் சரி என்றுவிட்டால் பிரபாவின் மெயிலால் என்ன பயன்? முடிவு மாறப்போவதில்லையே.

தேன்மொழி: மாறாது, உண்மைதான். மெயிலுக்காக யாரும் வரிசையை மாற்ற மாட்டார்கள். ஆனால் முதல் ஆள் வேண்டாம் என்றுவிட்டால், "இவர் இன்னும் வரத் தயாராக இருக்கிறாரா, வேறு எங்காவது சேர்ந்துவிட்டாரா?" என்பதுதான் எங்கள் முதல் கவலை. அந்தச் சந்தேகம் இல்லாத ஆளை உடனே கூப்பிடுவோம்.

சலீம்: எனக்கும் இதேதான்! ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, சேரும் தேதியை இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள், இப்போது போனை எடுப்பதே இல்லை. நானும் பொறுமையாக மெயில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?

மல்லிகா: சலீம், உங்கள் விஷயம் வேறு. நீங்கள் தகவல் கேட்கவில்லை, கொடுத்த வாக்கைக் கேட்கிறீர்கள். ஆஃபர் லெட்டரை இணைத்து, "இந்தத் தேதிக்குள் சேரும் நாளை எழுத்தில் உறுதி செய்யுங்கள்" என்று நேராகவே எழுதலாம். அது வரும் வரை இப்போதைய வேலையை விட்டுவிடாதீர்கள்.

கௌதம்: பிரபா, ஹெச்.ஆரை விடுங்கள். துறைத் தலைவருக்கு லிங்க்டுஇன்னில் செய்தி அனுப்புங்கள். "வேறு ஆஃபர் இருக்கிறது, வியாழனுக்குள் முடிவு சொல்ல வேண்டும்" என்று போடுங்கள். ஒரே நாளில் பதில் வரும்.

தேன்மொழி: பாதி சரி, கௌதம். வேறு ஆஃபரின் கெடு தேதிதான் உள்ளே காரியத்தை நகர்த்தும், ஏனென்றால் ஒப்புதல் தர வேண்டியவரிடம் அதைக் காட்டி அவசரப்படுத்தலாம். ஆனால் ஆஃபர் உண்மையாக இருக்க வேண்டும். இல்லாத ஆஃபரைச் சொன்னால், "வாழ்த்துகள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்புறம் திரும்பிப் போக வழியில்லை. துறைத் தலைவருக்கு எழுதலாம், தப்பில்லை. ஆனால் ஹெச்.ஆருக்குப் போட்ட இரண்டாவது மெயிலுக்கும் பதில் இல்லை என்ற பிறகுதான். ஹெச்.ஆரையும் அதே மெயிலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைத் தாண்டிப் போனதாகத் தெரிந்தால் அவருக்குப் பிடிக்காது, நாளைக்கு ஆஃபர் தயாரிக்கப்போவதும் அவர்தான்.

பிரபா: உண்மையிலேயே வேறொரு ஆஃபர் இருக்கிறது. வரும் வியாழனுக்குள் சொல்ல வேண்டும். மிரட்டுவது போல் ஆகிவிடுமோ என்று நான் சொல்லவே இல்லை.

தேன்மொழி: அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இன்றே எழுதுங்கள். புது மெயில் வேண்டாம், நேர்காணல் நேரத்தைக் குறித்து அவர்கள் அனுப்பிய பழைய மெயிலுக்கே பதிலாகப் போடுங்கள். அப்போதுதான் நீங்கள் யார், எந்தப் பதவி என்று அவர் தேட வேண்டியிருக்காது. இந்த அளவு போதும்:

> வணக்கம். துறைத் தலைவருடன் நடந்த கடைசிச் சுற்றுக்குப் பிறகு இந்தப் பதவியில் என் ஆர்வம் கூடியிருக்கிறது. எனக்கு வேறொரு இடத்தில் ஆஃபர் வந்துள்ளது, வரும் வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் நிறுவனத்தில் சேரவே விரும்புகிறேன். புதன்கிழமைக்குள் உங்கள் முடிவு தெரிய வாய்ப்பு இருக்கிறதா? தாமதமாகும் என்றால் எப்போது தெரியும் என்று மட்டும் சொன்னால்கூட உதவியாக இருக்கும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். முடிவு தெரியாத ஹெச்.ஆரும் அதற்குப் பதில் எழுத முடியும். "இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை" என்று எங்கேயும் எழுதாதீர்கள். இன்னொரு பக்கம், ஆஃபர் கொடுத்த இடத்தில் இரண்டு மூன்று நாள் கூடுதல் அவகாசம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பல இடங்களில் கொடுப்பார்கள்.

ரகு: சரி, கெடு இருப்பதால் பிரபா கேட்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆஃபர் எதுவும் இல்லாதவர்கள் எத்தனை தடவை கேட்பது? எங்கே நிறுத்துவது?

தேன்மொழி: சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலை நாள் கழித்து ஒன்று. ஒரு வாரம் விட்டு இன்னொன்று. அதற்கும் பதில் இல்லை என்றால் கடைசியாக, "வேறு வாய்ப்புகளைப் பார்க்கத் தொடங்குகிறேன், இந்தப் பதவி மறுபடி நகர்ந்தால் அழையுங்கள்" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடலாம்.

மல்லிகா: மூன்றாவது மெயிலுக்குப் பதிலாக ஒரு போன் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. குரலை வைத்தே உண்மை நிலை தெரிந்துவிடும்.

தேன்மொழி: அதற்கு நான் உடன்பட மாட்டேன், மல்லிகா. திடீரென்று போன் வந்தால் ஹெச்.ஆர். எதையாவது சொல்லித் தப்பிக்கத்தான் பார்ப்பார்.

கௌதம்: அதே வேலைக்கு மறுபடி விளம்பரம் வந்தால் கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

தேன்மொழி: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விளம்பரம் தானாகவே புதுப்பிக்கப்பட்டிருக்கலாம், அதே பெயரில் இரண்டு இடம் காலியாக இருக்கலாம். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, சம்பளச் சீட்டு அனுப்புங்கள் என்று கேட்டால் விஷயம் உயிரோடு இருக்கிறது. தேதியே இல்லாமல் "பரிசீலனையில் இருக்கிறது" என்று மட்டும் வந்தால், உங்களுக்கு முன்னால் வேறு யாரோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரபா: மெயில் போட்டேன், மாலையே பதில் வந்தது: "ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம், அடுத்த வாரம் தெரியும்." ஆஃபர் கொடுத்த இடத்தில் வியாழக்கிழமைக் கெடுவை ஒரு நாள் மட்டும் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

கௌதம்: காத்திருங்கள். பிடித்த வேலையை விட்டுவிட்டு ஏன் வேறொன்றை எடுக்க வேண்டும்?

ரகு: கையில் இருப்பதை எடுங்கள்.

தேன்மொழி: அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பிரபா: ஒப்புதல் அந்தப் பதவிக்கா, உங்களை எடுப்பதற்கா? உங்களுக்கான சம்பளம்தான் மேலே போயிருக்கிறது என்றால், கூடுதலாகக் கிடைத்த அந்த ஒரு நாளையும் முழுதாகப் பயன்படுத்துங்கள். பதவிக்கே ஒப்புதல் வரவில்லை என்றால் அடுத்த வாரமும் இதே பதில்தான் வரக்கூடும்.

பிரபா: இப்போதே கேட்டு எழுதுகிறேன்.