புதுப்பிப்பு: சுங்குடிக் கணக்கில் இடித்த அந்த 400 சேலை

நான் கேட்டிருந்தது: "ஃபைஃபோ முறையில், போன மாசம் பாதியில் நின்ற சேலைக்குச் சமான அலகு எவ்வளவு போடணும்?" முதலில் வந்ததை முதலில் முடிப்பதாக வைத்துக் கணக்குப் போடுவது ஃபைஃபோ; அரைகுறை வேலையை முழுச் சேலைக் கணக்காக மாற்றிச் சொல்வது சமான அலகு.

காஸ்டிங் பார்க்கும் அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "இந்த மாசம் செஞ்ச மிச்ச வேலையை மட்டும் எடு தம்பி."

எங்கள் மதுரைப் பட்டறையில் மாதத் தொடக்கத்தில் 400 சேலை, 60% வேலை முடிந்த நிலையில் இருந்தன. நான் அந்த 60%-ஐயே போட்டிருந்தேன். போட வேண்டியது மீதி 40%, அதாவது 160. புதிதாக எடுத்த 2,000-இல் 1,700 முடிந்தன. மாதக் கடைசியில் நின்ற 300 பாதி வேலையில் இருந்ததால் 150. மொத்தம் 2,010. இந்த மாதக் கூலியும் மேல்செலவும் ரூ.60,300, ஆகச் சேலைக்கு 30 ரூபாய்.

"துணிக்கும் 40%தான்" என்றார் ஒரு நண்பர். அந்த 40% கூலிக்குச் சரி, துணிக்குச் சரியில்லை. வெள்ளைத் துணி முதல் நாளே இறங்கிவிடுகிறது. அந்த 400-க்கு இந்த மாதம் துணிச் செலவே இல்லை. 1,700-உம் 300-உம் சேர்ந்து 2,000. இறக்கிய துணியோடு ஒத்துப்போகிறது, அப்பாடா!

முடிச்சு பிரிக்கும்போது கிழிகிற சேலையை எங்கே காட்டுவது என்பதில்தான் இன்னும் இழுபறி.