புதுப்பிப்பு: மின் ஆவணத் தொகுப்பில் பக்க எண் குழப்பம்

முன்பு கேட்டது: "பொருளடக்கத்தில் 12ஆம் ஆவணம் பக்கம் 87. லிங்க்கை அழுத்தினால் சரியான ஆவணம்தான் திறக்கிறது. ஆனால் தாளில் முத்திரையிட்ட எண் 91, பிடிஎஃப் மென்பொருளின் பக்க எண் பெட்டியில் 94. எது தப்பு?"

லிங்க்கும் புக்மார்க்கும் சரிதான். அவை எண்ணோடு அல்ல, பக்கத்தோடேயே கட்டப்பட்டவை. நடுவில் தாள் செருகினாலும் கூடவே நகரும். இரண்டு வித்தியாசங்களையும் தனித்தனியாகப் பாருங்கள் என்று ஒரு மூத்த குமாஸ்தா சொன்னதுதான் வழிகாட்டியது. 94க்கும் 91க்கும் இடையிலுள்ள 3, முன்னால் எண்ணிடாமல் விட்ட பொருளடக்கப் பக்கங்கள். 91க்கும் 87க்கும் இடையிலுள்ள மற்ற 4 எங்கே நுழைந்தது என்று வரிசையாக அழுத்திப் பார்த்தேன். 6ஆம் ஆவணம் 41இலேயே இருக்கிறது. 7ஆவது 49க்குப் பதில் 53. ஆக, 6ஆம் ஆவணத்தில் கடைசி நேரத்தில் சேர்த்த இணைப்புத் தாள்கள்தான் காரணம். முத்திரை எண்களைப் புதிதாகப் போட்டவர்கள் பொருளடக்கத்தைத் தொடவில்லை.

பிடிஎஃப் பெட்டியில் காட்டும் எண்ணை, அதாவது பக்க லேபிளை, மாற்றினால் போதும் என்றார் ஒருவர். அது அந்த 3ஐ மட்டும்தான் சரிசெய்யும், அதுவும் லேபிளைக் காட்டும் மென்பொருளில் மட்டும்.

பொருளடக்கத்தின் முதல் தாளையே 1 ஆக்கி எண்ணிட்டு, பொருளடக்கத்தையும் அதற்கேற்ப மாற்றினேன். இப்போது 12ஆம் ஆவணம் மூன்று இடத்திலும் 94. ஆனால் கையெழுத்தான வாக்குமூலம் ஒன்று "பக்கம் 87" என்றே சொல்கிறது. அதைத் திருத்த முடியாது. ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.